கொசுவத்தி சுத்துவோம்: ஒரு பூ எப்படி சுருளாச்சு, லிக்விடாச்சு, வலையாச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பல்களைக் குறைத்து, கொஞ்சம் சீர் செய்திருக்கிறோம்.)

சினிமாவுல ஃப்ளாஷ்பேக் ஆரம்பிச்சா "கொசுவத்தி சுத்துறாங்க"ன்னு சொல்லுவோம் இல்லையா, இன்னிக்கு நிஜமாவே கொசுவத்தியோட கொசுவத்தியைச் சுத்தப் போறோம்.

இது வீட்டுல நடந்த ஒரு சண்டையில தொடங்குச்சு. அக்காவுக்குக் குழந்தை பிறந்து, திருநெல்வேலியில எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த முதல் ராத்திரி. கொசுன்னா அப்படி ஒரு கொசு. அம்மா கொசுவத்தி ஏத்தப் போனாங்க. அத்தான், "அத்தே, புகை வேண்டாம், லிக்விட் போடுவோம்"னார். ஆச்சி கட்டில்ல உக்காந்தபடியே, "எலே, ரெண்டும் வேண்டாம்லே, பரண்ல வலை கெடக்கு, எடுத்துக் கட்டு"ன்னுச்சு. மூணு பேரும் என்னைப் பார்த்தாங்க. இஞ்சினியர் தம்பி இல்லையா, பதில் தெரிஞ்சிருக்கணுமாம்.

நான் செஞ்சது ஒண்ணுதான். கொசுவத்தி டப்பாவையும் லிக்விட் அட்டையையும் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தைப் படிச்சேன். சுருளில் "டி-டிரான்ஸ் அலெத்ரின் 0.1%" என்று இருந்தது. லிக்விடில் "டிரான்ஸ்ஃப்ளூத்ரின் 0.88%". ரெண்டு பேரும் "த்ரின்"ல முடியுதேன்னு தேடப் போனா, மருந்து தடவிய வலைகளில் இருக்கிற டெல்டாமெத்ரினும் அதே குடும்பம். பைரெத்ராய்டு என்று பேர். அப்போ ஒரே குடும்பத்து மருந்தை மூணு விதமா விக்கிறாங்க. பிறகு எது பாதுகாப்பு என்று எதை வச்சுச் சொல்றது? அந்தக் கேள்வி என்னை ஜப்பானில் ஒரு ஆரஞ்சுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டது.

வகாயாமா மாகாணத்தில் அரிடா என்று ஒரு ஊர். அந்தப் பக்கம் கமலா ஆரஞ்சுக்குப் பேர் போனது. அங்கே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பையன் உஎயாமா எயிச்சிரோ. 1885-ல் தன் ஆசிரியர் ஃபுகுசாவா யுகிச்சி மூலமா ஒரு அமெரிக்க வியாபாரி அவருக்கு அறிமுகமாகிறார். உஎயாமா ஆரஞ்சு நாற்றுகளைக் கொடுக்க, அமெரிக்காவிலிருந்து பதிலுக்குச் சில விதைகள் வருகின்றன. அதில் ஒன்று பைரெத்ரம். பார்த்தா நம்ம வெள்ளைச் சாமந்தி மாதிரி இருக்கும், சாமந்திக்குச் சொந்தம்தான். பூர்வீகம் அட்ரியாட்டிக் கடலோரம், இன்னிக்குக் குரோவேஷியா இருக்கிற பக்கம். இந்தப் பூவைக் காயவச்சுப் பொடிச்சா பூச்சி சாகும் என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிஞ்ச விஷயம்.

ஜப்பானில் அந்தப் பொடியை மரத்தூளோடு கலந்து, கணப்புச் சட்டியில் போட்டுப் புகைத்தார்கள். கோடைக்காலத்துல, வியர்த்துக் கொட்டுற ராத்திரியில, வீட்டுக்குள்ள நெருப்புச் சட்டி. எப்படி இருந்திருக்கும்! உஎயாமா டோக்கியோவில் ஒரு ஊதுபத்திக்காரர் வீட்டுப் பையனைச் சந்திக்கிறார். பொடியை ஊதுபத்தி மாவில் கலந்து குச்சியா உருட்டினா என்ன? 1890-ல் முதல் கொசு ஊதுபத்தி பிறந்தது. ஆனா ஒரு சிக்கல். குச்சி 20 சென்டிமீட்டர் நீளம்தான், 40 நிமிஷத்துல எரிஞ்சு முடிஞ்சிடும். நீளமா செஞ்சா ஒடியும். தூக்கம் எட்டு மணி நேரம், குச்சி 40 நிமிஷம்.

இதைத் தீர்த்தது உஎயாமா அல்ல, அவர் மனைவி யூகி. 1895-ல், சுருட்டிப் பாருங்களேன் என்று சொன்னாராம். சுருண்டு கிடந்த பாம்பைப் பார்த்து யோசனை வந்தது என்று அந்தக் கம்பெனி இன்றும் சொல்கிறது. பாம்பு நிஜமோ கதையோ, யோசனை பிரமாதம். சுருட்டினா நீளமும் கிடைக்கும், ஒடியவும் ஒடியாது. அதைச் செய்முறையாக்கி விற்பனைக்குக் கொண்டுவர ஏழு வருஷம் ஆச்சு. 1902-ல் சுருள் கடைக்கு வந்தது. ரெண்டு குச்சியைச் சேர்த்துப் பிடித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கையாலேயே சுற்றினார்கள். இன்னிக்கும் நம்ம டப்பாவுல ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு, பிரிக்கும்போது ஒண்ணு ஒடிஞ்சு நம்மை எரிச்சல்படுத்துதே, அந்த ஜோடிதான் இது.

சரி, இந்தச் சுருள் எப்படிக் கொல்லுது? புகைதான் கொசுவை விரட்டுதுன்னு ரொம்ப நாள் நான் நினைச்சிட்டிருந்தேன். அப்படி இல்லை. கனல் முனையில் இருக்கிற மருந்து அந்தச் சூட்டில் எரிந்தே போய்விடும். கனலுக்குச் சில மில்லிமீட்டர் பின்னால், சூடு இருந்தும் தீ வந்து சேராத இடத்தில், மருந்து ஆவியாகிக் கிளம்புகிறது. அந்த ஆவிதான் வேலை செய்வது. கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியும் புகை என்பது மரத்தூளும் தேங்காய் ஓட்டுப் பொடியும் அரைகுறையா எரிவது. மருந்தைச் சூடாக்க வச்ச அடுப்பு அது, அவ்வளவுதான்.

ஆவி கொசுவை என்ன செய்கிறது என்றால், நரம்பில் சோடியம் உள்ளே வர ஒரு வாசல் இருக்கு. சிக்னல் போகும்போது திறந்து உடனே மூடணும். பைரெத்ராய்டு போய் அந்தக் கதவைத் திறந்தபடியே பிடிச்சு வச்சுக்கும். சிக்னல் நிக்காம ஓடும், நம்ம பாஷையில இன்ஃபினிட் லூப். கொசு துடிச்சு, மல்லாந்து விழும். நமக்கும் அதே மாதிரி வாசல்கள் இருக்கு. ஆனா நம்முடையவை இந்த மருந்துக்கு அவ்வளவு மசியாதவை. உடம்பும் பெரிசு, சூடும் அதிகம், கல்லீரல் இந்த மூலக்கூறை வேகமா உடைச்சு வெளியே தள்ளிடும். பூனைக்கு அப்படி உடைக்கிற வசதி குறைவு, மீனுக்கு இது கொடிய விஷம். வீட்டுல மீன்தொட்டி இருந்தா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் போர் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் பைரெத்ரம் சப்ளையில் ஜப்பான்தான் பெரிய கை. போரில் அது நின்றுபோக, கென்யா அந்த இடத்தைப் பிடித்தது. ஆனா பூவை நம்பினா மழையை நம்பணும், ஆளை நம்பணும். 1949-ல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஷெக்டர், கிரீன், லாஃபோர்ஜ் மூவரும் பூவின் மூலக்கூறைச் சற்று எளிமையாக்கி ஆய்வகத்திலேயே செய்தார்கள். அதுதான் அலெத்ரின். அம்மா கையில் இருந்த டப்பாவில் நான் படித்த பேர். பூ போயிடுச்சு, மரத்தூள் மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

1960-களில் ஜப்பானிலேயே நெருப்பை எடுத்துட்டு மின்சாரத்தை வச்சாங்க. நீல நிற அட்டை, சின்னத் தட்டு. நம்ம வீடுகளில் 80, 90-களில் இருந்த "மேட்" அதுதான். சாயங்காலம் வீரமா இருக்கும், விடியக்காலை மருந்து தீர்ந்து கொசு திரும்பி வரும். அந்தக் குறைக்குப் பதிலா வந்தது லிக்விட். பாட்டிலில் இருந்து ஒரு திரி மருந்தை உறிஞ்சி மேலே ஏற்ற, ஹீட்டர் அதை ஒரே சீரா ஆவியாக்கும்.

இப்போ சண்டைக்கு வருவோம். நான் ராத்திரி உக்காந்து ஒரு கணக்குப் போட்டேன். தோராயம்தான், பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

ஒரு சுருள் சுமார் 12 கிராம். அதில் 0.1% மருந்து என்றால் 12 மில்லிகிராம். அதாவது, ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவான மருந்தை ஆவியாக்க, 12 கிராம் தூளைப் படுக்கையறைக்குள் எரிக்கிறோம். லிக்விட் பாட்டில் 45 மில்லி. எடையில் 35 கிராம் மாதிரி. அதில் 0.88% என்றால் 300 மில்லிகிராம் சொச்சம். ராத்திரி எட்டு மணி நேரம்னு வச்சு 45 நாள் ஓடினா, ஒரு ராத்திரிக்கு 7 மில்லிகிராம். மூலக்கூறுகள் வேற வேற, வீரியமும் வேற, அதனால மில்லிகிராமை நேரடியா ஒப்பிடக் கூடாது. ஆனாலும் அளவு ஒரே ஊர்லதான் இருக்கு. சுருளுக்கும் லிக்விடுக்கும் பெரிய வித்தியாசம் மருந்துல இல்லை. எரியிற அந்த 12 கிராமில் இருக்கு.

2003-ல் ஒரு ஆய்வு வந்தது. சீனா, மலேசியாவில் விற்ற சுருள்களை எரித்து, என்ன வெளியே வருகிறது என்று அளந்தார்கள். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள், அதாவது பி.எம். 2.5, எடையில் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம். ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் அளவு வரை போனது. வாட்ஸப்பில் இதுதான் "ஒரு கொசுவத்தி நூறு சிகரெட் குடிப்பதற்குச் சமம்" என்று மாறிச் சுத்துது. அது தப்பு. சிகரெட் பிடிப்பவர் புகையை நேரா நெஞ்சுக்குள் இழுக்கிறார். சுருளின் புகை அறை முழுக்கப் பரவி, ஜன்னல் வழியா ஓரளவு வெளியேறும். ஆய்வு சொன்னது அறைக்குள் எவ்வளவு கொட்டுது என்பதை மட்டும். ஆனா ஜன்னலை இறுக மூடி, ஏசியும் போட்டு, சின்ன ரூம்ல சுருள் ஏத்துறோம் பாருங்க, அப்போ அந்த வாதத்துக்கான இடம் குறைஞ்சுடுது. திண்ணையில ஏத்துற சுருளும் படுக்கையறைச் சுருளும் வேற வேற.

அப்போ அத்தான் ஜெயிச்சாரா? பாதி. லிக்விடில் புகை இல்லை, அது பெரிய ஆதாயம். ஆனா சிலருக்குத் தொண்டைக் கரகரப்பு, இருமல், மூக்கடைப்பு வரும். ஆஸ்துமா இருந்தா இழுப்பு கூடலாம். காத்தோட்டம் வேணும்னு அட்டையிலேயே எழுதியிருக்கு, யாரும் படிக்கிறதில்லை. இன்னொரு ஆபத்து பாட்டிலில். மருந்து 1 சதவீதத்துக்கும் கீழே. மீதியில் பெரும்பங்கு மண்ணெண்ணெய் மாதிரியான ஒரு கரைப்பான். தவழுற குழந்தை பிளக்ல இருந்து ரீஃபிலைப் பிடுங்கி வாயில வச்சுடுச்சுன்னா, பயப்பட வேண்டியது அந்த எண்ணெய்க்கு. அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா மாதிரி பிடிச்சுக்கும். அதனால வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தி எடுக்கும்போதுதான் நுரையீரலுக்குப் போகும். பாட்டிலோட நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும். குழந்தைக்கு இருமலோ மூச்சு வேகமோ தெரிஞ்சா ஒரு நிமிஷமும் யோசிக்கக் கூடாது. இங்கேயும் பாருங்க, பிரச்சினை பண்றது மருந்தை விட அதைச் சுமந்து வர்ற பொருள்தான்.

இதோட சேர்த்து ஒரு எச்சரிக்கை. "ஹெர்பல்" என்று பெட்டிக்கடையில் விற்கிற கொசு ஊதுபத்திகள். இந்தியாவில் பூச்சிக்கொல்லி விற்க 1968-ம் வருஷச் சட்டப்படி பதிவு வேணும். மருந்துப் பேர், சதவீதம், பதிவு எண், விஷத்தின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் அட்டையில் இருக்கணும். ஒண்ணுமே இல்லாம இலைப் படம் மட்டும் இருந்தா, அதுக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கோ எனக்கோ தெரியாது. கொசு டக்குன்னு விழுதுன்னா வேப்பிலைதான் காரணம்னு நான் நம்ப மாட்டேன்.

இனி ஆச்சியின் வலை. ரொனால்ட் ராஸ் 1897-ல் செகந்திராபாதில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனா கெட்ட காற்றால்தான் மலேரியா என்று பலர் அதற்குப் பிறகும் நம்பினார்கள். 1900-ல் சாம்பன், லோ என்ற ரெண்டு டாக்டர்கள் இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில், மலேரியாவுக்குப் பேர் போன சதுப்பு நிலத்தில் ஒரு மரக்குடிசை போட்டார்கள். ஜன்னல், கதவெல்லாம் வலை. பகலில் இஷ்டத்துக்கு வெளியே சுற்றினார்கள், அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். சூரியன் மறையும் முன் உள்ளே வந்துவிடுவார்கள். கொய்னா மாத்திரை கிடையாது. கோடை முழுக்க இருந்தும் காய்ச்சல் வரவில்லை. அதே வருஷம் ரோமிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய கொசுக்கள் கடித்து, காய்ச்சல் இல்லாத ஊரில் இருந்த ஒரு இளைஞருக்கு மலேரியா வந்தது. அவர் பேட்ரிக் மேன்சனின் சொந்த மகன். மேன்சன்தான் இந்தச் சோதனைக்குப் பின்னால் இருந்த டாக்டர். மருந்தே இல்லாத வெறும் வலை செஞ்ச வேலை இது.

வெறும் வலைக்கு ரெண்டு ஓட்டை உண்டு. ஒண்ணு நிஜ ஓட்டை. இன்னொண்ணு, தூக்கத்துல முழங்கை வலையில் ஒட்டினா கொசு வெளியிலிருந்தே குத்திடும். இதுக்குத் தீர்வு மறுபடியும் அந்தப் பூவின் வம்சத்திலிருந்து வந்தது. அலெத்ரின் சீக்கிரம் ஆவியாகும், வெளிச்சத்தில் சிதையும். சுருளுக்கு அது போதும், துணியில் தடவினா நிக்காது. 1970-களில் இங்கிலாந்தில் மைக்கேல் எலியட் குழு பெர்மெத்ரினும் டெல்டாமெத்ரினும் செய்தது. இவை வெளிச்சத்தைத் தாங்கும், லேசில் ஆவியாகாது. அந்த ஒரு குணத்தால்தான் மருந்து வலை சாத்தியமாச்சு. காம்பியா நாட்டில் வலைகளைப் பெர்மெத்ரினில் முக்கிக் கொடுத்து நடந்து, 1991-ல் முடிவு வெளியான சோதனையில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணம் 63 சதவீதம் குறைந்தது. பிற்பாடு பல நாட்டுச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது 17 சதவீதம் பக்கம் வந்து நின்றது. குறைவாத் தோணலாம். மொத்தக் குழந்தை மரணத்தில் ஆறில் ஒன்றை ஒரு வலை தடுக்குதுன்னு படிச்சுப் பாருங்க.

இப்போ என் கணக்குல என்னை ஆச்சரியப்படுத்தின வரி. ஒரு வகை டெல்டாமெத்ரின் வலையில் சதுர மீட்டருக்கு 55 மில்லிகிராம் மருந்து. ஒரு கட்டில் வலைக்கு 14 சதுர மீட்டர் துணி என்றால் 770 மில்லிகிராம். அறுபது சுருளுக்கும் மேல இருக்கிற மருந்து, நம்ம தலைக்கு மேலயே தொங்குது! ஆனா அது நூலோடு பிணைஞ்சு கிடக்கு, காத்துல ஏறுறதில்லை. கொசு வந்து காலை வைக்கும்போதுதான் அதுக்குப் போகும். சுமார் 20 தடவை துவைச்சாலும், மூணு வருஷம் வரைக்கும் வேலை செய்யும். புதுசுல முகத்துல லேசா அரிப்பு மாதிரி வரலாம், அதனால பிரிச்சதும் ஒரு நாள் நிழல்ல உலர்த்தணும். வெயில்ல போடாதீங்க, குளத்துலயோ ஆத்துலயோ அலசாதீங்க, மீன் சாகும்.

ஆனா வலைக்கும் எல்லை இருக்கு. டெங்கு பரப்புற ஏடிஸ் பகல்ல கடிக்கும். பெரியவங்க பகல்ல வலைக்குள்ள உக்காந்து வேலை பார்க்க முடியாது. மலேரியா பரப்புற அனாஃபிலிஸும், நம்ம ஊர் சாக்கடைக் கொசு கியூலெக்ஸும் ராத்திரிக்காரங்க, அவங்களுக்கு வலை சரி. இன்னொரு எல்லை எதிர்ப்புச் சக்தி. அந்த சோடியம் வாசலின் வடிவம் கொஞ்சம் மாறிப்போன கொசுக்கள் பெருகிட்டு வருது. டி.டி.டி.யும் அதே வாசலைத்தான் பிடிக்கும் என்பதால், நம்ம தாத்தா காலத்துல அடிச்ச டி.டி.டி.யே இந்தக் கொசுக்கள் தேறி வரக் காரணங்களில் ஒன்று. சுருள் பக்கத்துலயே கொசு உக்காந்து உங்களைக் கடிச்சா, ரெண்டாவது சுருள் ஏத்துறதுல அர்த்தமில்லை. புகைதான் ரெட்டிப்பாகும். மருந்தை உடைக்கும் நொதியை வளர்த்துக்கொண்ட கொசுக்களும் உண்டு. அவற்றுக்காக பி.பி.ஓ. என்ற துணைப்பொருள் சேர்த்த வலைகளை உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பரிந்துரைத்தது. இதோட ஆதிக்கதை நல்லெண்ணெயில் இருக்கு. 1940-ல், நல்லெண்ணெய் சேர்த்தால் பைரெத்ரத்தின் வீரியம் கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த வழியில தேடிப் போய்க் கிடைச்சதுதான் பி.பி.ஓ. அதுக்காக யாரும் லிக்விட் பாட்டில்ல நல்லெண்ணெய் ஊத்தாதீங்க!

அந்த ராத்திரி பரண்ல ஏறினேன். ஆச்சி சொன்னது பழைய நைலான் வலை, மருந்தெல்லாம் கிடையாது. நம்ம கடைகளில் விற்கிற வலையும் பெரும்பாலும் அப்படித்தான். மருந்து வலையை மலேரியா அதிகமுள்ள மாநிலங்களில் அரசாங்கம் கொடுக்குது. விரிச்சு டியூப்லைட் வெளிச்சத்துல பிடிச்சா ஏழு ஓட்டை. அம்மா ஊசி நூல் எடுத்தாங்க, அத்தான் கயிறு கட்டினார். ஓரத்தைப் பாய்க்கு அடியில நல்லா செருகணும், இல்லாட்டி ஒரு கொசு உள்ள மாட்டி விடிய விடிய விருந்து சாப்பிடும் என்று ஆச்சி சொல்லிட்டே இருந்துச்சு. பச்சைக் குழந்தை பகல்லயும் பாதி நேரம் தூங்குது, அதனால தொட்டில் மேலயும் ஒரு சின்ன வலை வாங்கினோம். ஏடிஸுக்கும் சேர்த்து ஆச்சு. கொசுவத்தி டப்பா இப்போ வெளித் திண்ணையில இருக்கு. சாயங்காலம் அம்மா பூ கட்டும்போது ஏத்துறாங்க. லிக்விட் மெஷினை அத்தான் ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டார், குழந்தைக்குக் கை எட்டாத உயரத்துல ஒரு பிளக் பாயிண்ட் வைக்க எலக்ட்ரீஷியனைத் தேடிட்டு இருக்கார்.